50 டன் ஏரி: அதிகபட்ச நீடித்த விளைச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணையில் பரிசலில் போய் வலை போடுகிறவர்கள், சேலத்தைச் சுற்றி ஏரி குத்தகை எடுப்பவர்கள், கல்லூரியில் மீன்வளம் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொன்றையும் கேட்டவர் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன். கணக்குக்காக ஒரே ஒரு ஏரியைக் கடைசி வரை பயன்படுத்துகிறேன். அது நானாக உருவாக்கிய ஏரி. அதன் எண்களை மேட்டூருக்கோ வேறு எந்த நீர்நிலைக்கோ எடுத்துப் போட வேண்டாம்.

"உபரி உற்பத்தி என்கிறீர்களே, மீனில் ஏது உபரி?"

யாருமே வலை போடாத ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் பிறக்கிறது, வளர்கிறது, சாகிறது. இருந்தும் மொத்த எடை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, நம் ஏரியில் 400 டன்னிலேயே நிற்கிறது. இருக்கும் தீனிக்கும் இடத்துக்கும் அவ்வளவுதான் கொள்ளும். இதைத் தாங்குதிறன் என்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் மீனைப் பிடித்துவிடுகிறோம். மிச்சமிருக்கும் மீனுக்குத் தீனி தாராளமாகக் கிடைக்கும், உடம்பு வேகமாக ஏறும், குஞ்சுகளில் அதிகமானவை பிழைக்கும். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த எடை, செத்துப் போன எடையைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல்தான் உபரி. அதை மட்டும் எடுத்தால் இருப்பு குறையாது.

மீன் மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் நன்றாகக் கொழுக்கும். ஆனால் தாய் மீன் எண்ணிக்கை போதாததால் மொத்த உபரி சிறிதாகத்தான் இருக்கும். ஏரி நிரம்பக் கிடந்தால் தாய் மீனுக்குக் குறைவில்லை, வளர இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உபரி உச்சத்தைத் தொடும். அந்த உச்சம்தான் அதிகபட்ச நீடித்த விளைச்சல், சுருக்கமாக எம்எஸ்ஒய்.

"சூத்திரம் இல்லாமல் சொல்ல முடியாதா?"

ஒரே ஒரு வரிதான், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

```
B(அடுத்த ஆண்டு) = B + r*B*(1 - B/K) - C
```

B என்பது இப்போதுள்ள மீன் இருப்பு, K தாங்குதிறன், C நாம் பிடிப்பது. r என்பது நெருக்கடியே இல்லாதபோது இருப்பு பெருகும் வேகம். நம் ஏரியில் K 400 டன், r 0.5 என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 100 டன்னாக இருக்கும்போது ஆண்டு உபரி 37.5 டன். 200 டன்னில் 50 டன். 300 டன்னில் திரும்பவும் 37.5 டன். ஆக, உச்சம் 50 டன், அது K-யின் சரிபாதியில் விழுகிறது. பொதுவாகச் சொன்னால் `MSY = r*K/4`. ஷேஃபர் என்ற அமெரிக்க மீன்வள அறிஞர் 1954ல் இந்த வடிவில் இதை மீன்பிடிப்புக்குக் கொண்டுவந்தார். 1957ல் கிழக்குப் பசிபிக் கடலின் சூரை மீன் பிடிப்புக்கும் இதைப் பயன்படுத்தினார்.

"ஆண்டுக்கு 50 டன் தானாக விளைகிறது, அதைத்தானே எடுக்கிறோம். அசலில் கை வைக்கவில்லையே, இதில் என்ன ஆபத்து?"

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வட்டியை மட்டும் எடுக்கிறோம் என்ற எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது. வங்கியில் அசல் குறைந்தாலும் வட்டி விகிதம் அப்படியே இருக்கும், வட்டித் தொகை குறைவதும் உடனே கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடும். ஏரியில் அந்தப் புத்தகம் கிடையாது. அதைவிட முக்கியமான விஷயம், 50 டன் என்பது இருப்பு 200 டன்னாக இருக்கும்போது மட்டும் கிடைப்பது.

இருப்பு 200க்கு மேலே இருக்கும்போது 50 டன் எடுத்தால், உபரியைவிடக் கூடுதலாக எடுக்கிறோம். இருப்பு மெல்ல 200க்கு இறங்கி வரும். அதில் கெடுதல் இல்லை. 200க்குக் கீழே போய்விட்டாலும் அதே கதைதான், அங்கேயும் உபரி 50க்குக் குறைவு, நாம் எடுப்பது 50. ஆனால் இந்த முறை இறக்கம் 200ஐ விட்டு விலகிப் போகிறது. பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மேலேயிருந்து வந்தாலும் சரி, கீழே போனாலும் சரி, சரிவு ஒரே பக்கம்தான்.

ஒரு வறட்சி வருகிறது என்று வையுங்கள். 200 டன்னாக இருந்தது 140 டன்னாகிவிடுகிறது. மறு ஆண்டே மழை பெய்து ஏரி பழையபடி நிரம்புகிறது, r, K இரண்டும் மாறவில்லை. நாம் மட்டும் 50 டன்னை விடவில்லை. முதல் ஆண்டு உபரி 45.5 டன், இருப்பு 135.5 ஆகிறது. அடுத்த ஆண்டு 130, அப்புறம் 124, 117, 108. ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது, இன்னும் 100க்கு மேலேதான் இருக்கிறோம். ஆறாம் ஆண்டு 98, பிறகு 85, 68, 47. பத்தாம் ஆண்டு முடிவில் 17. பதினோராவது ஆண்டில் ஏரியில் உள்ள மீன் மொத்தத்தையும், அந்த ஆண்டு வளர்ச்சியையும் சேர்த்து அள்ளினாலும் 26 டன்தான் தேறும்.

எக்செல்லில் A1 கட்டத்தில் 140 என்று போட்டு, A2-வில் `=A1+0.5*A1*(1-A1/400)-50` என்று எழுதிக் கீழே இழுத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தால்தான் இது மனதில் இறங்கும். வறட்சி ஒரே ஒரு ஆண்டுதான் வந்தது, அதற்குப் பின் இயற்கை ஒரு குறையும் வைக்கவில்லை. அழித்தது அந்த மாறாத 50 டன்.

"பத்து வருஷம் யாரும் கவனிக்காமலா இருப்பார்கள்?"

கவனிக்க என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். கரைக்கு வரும் மீன் எல்லா ஆண்டும் 50 டன். சந்தையில் வரத்து குறையவில்லை, குத்தகைதாரர் கணக்கும் சரியாக இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் முதல் ஆண்டு குறைந்தது நாலரை டன். 140 டன் இருப்பில் நாலரை டன் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் துல்லியம் எந்த மீன் கணக்கெடுப்புக்கும் வராது. பத்து, இருபது சதவீதம் முன்னே பின்னே இருப்பது மீன் கணக்கில் சாதாரணம்.

மாறுவது ஒன்றுதான், அதே 50 டன்னைப் பிடிக்க வேண்டிய பாடு. முன்பு இரண்டு வலை போட்ட இடத்தில் மூன்று, அப்புறம் நான்கு. கூடவே மீனின் அளவும் சிறுத்துக்கொண்டே போகும். இதைப் பரிசலில் போகிறவர் முதலில் உணர்வார். ஆனால் பிடித்த எடையை மட்டும் எழுதும் பேரேட்டில் அதற்கு இடம் இருக்காது.

"சரி, 40 டன்னோடு நிறுத்தினால் வருஷத்துக்கு 10 டன் நஷ்டம்தானே?"

எடையில் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த 10 டன் கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று பாருங்கள்.

ஆண்டுக்கு 40 டன் எடுத்தால் நம் ஏரியின் இருப்பு ஏறத்தாழ 289 டன்னில் நிலைகொள்ளும். ஏதோ காரணத்தால் அது குறைந்தாலும், 111 டன்னுக்கு மேலே இருக்கும்வரை உபரி 40ஐவிடக் கூடுதல், ஆகவே தானாகவே மீண்டுவிடும். மேலே சொன்ன அதே வறட்சி வந்து 140க்கே இறங்கினாலும், உபரி 45.5, எடுப்பது 40, அடுத்த ஆண்டே ஏறுமுகம். 50 டன்னில் இந்தப் பாதுகாப்பு இடைவெளி பூஜ்யம். 40 டன்னில் அது 178 டன்.

இன்னொன்றும் இருக்கிறது, மீனவர்களுக்கு இதுதான் பெரிது என்று நினைக்கிறேன். 200 டன்னில் 50 பிடிப்பதென்றால் இருப்பில் நாலில் ஒரு பங்கைப் பிடிக்க வேண்டும். 289 டன்னில் 40 என்பது ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீன் அடர்த்தியாக இருப்பதால் வலை சீக்கிரம் நிறையும். முதல் கணக்கில் 100 நாள் வலை போட வேண்டியிருந்தால், இரண்டாவதில் 55 நாள் போதும். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர் உழைப்பிலும் செலவிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் பிடிக்கிறார். உச்சத்தை ஒட்டியுள்ள அந்தக் கடைசி 10 டன்தான் இருப்பதிலேயே அதிகச் செலவில் கிடைக்கும் மீன்.

"அந்த 50 என்ற எண்ணே தப்பாக இருந்தால்?"

கொஞ்சம் குறைவாக மதிப்பிட்டுவிட்டால் பெரிய இழப்பில்லை, கொஞ்சம் மீன் ஏரியில் மிச்சம் இருக்கும். கூடுதலாக மதிப்பிட்டால் கதை வேறு. பத்தே சதவீதம் தவறி, 50க்குப் பதில் 55 என்று முடிவு செய்கிறோம் என்று வையுங்கள். நம் ஏரியில் எந்த இருப்பிலும் உபரி 55 டன்னைத் தொடாது. ஆகவே 400 டன் நிரம்பிய ஏரியில் தொடங்கினாலும் முடிவு ஒன்றுதான்.

அதே எக்செல்லில் A1-ல் 400ம், A2 வரியில் 50க்குப் பதில் 55ம் போட்டு ஓட்டினால், முழுதாக 31 ஆண்டுகள் 55 டன் கிடைக்கும். 32வது ஆண்டில் கிடைக்காது. பத்தாவது ஆண்டிலிருந்து இருபதாவது ஆண்டு வரை இருப்பு ஆண்டுக்கு ஐந்து, ஆறு டன்தான் குறையும். ஒரு தலைமுறை முழுவதும் இந்த ஏரி 55 டன் தாங்கும் என்று அனுபவத்தில் கண்டதாக நம்பும். 31 ஆண்டு அனுபவத்தைப் பொய் என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் கவலை தருவது இதுதான்.

"r, K எல்லாம் யார் எண்ணிச் சொன்னது? மீனை எண்ண முடியுமா?"

முடியாது. அதனால் சுற்றுவழியாகப் போகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு பிடித்தார்கள், அதற்கு எத்தனை பரிசல் எத்தனை நாள் போனது என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு பரிசலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கிலோ என்று பார்ப்பார்கள். அந்தக் கிலோ கணக்கு இருப்புக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, பல ஆண்டு எண்களோடு பொருந்தும்படி r, K இரண்டையும் தேடுவார்கள்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, பரிசல் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போய், மீன் வரத்து குறைந்துகொண்டே வந்தால், அந்த ஒருவழிப் பாதையை வைத்து r, K இரண்டையும் பிரித்தறிய முடியாது. மெதுவாகப் பெருகும் பெரிய இருப்பா, வேகமாகப் பெருகும் சிறிய இருப்பா என்று சொல்ல வழியில்லை. இருப்பு ஒருமுறை இறங்கி, பிறகு மீன்பிடிப்பைக் குறைத்ததால் மறுபடி ஏறிய வரலாறு இருந்தால்தான் எண்கள் தெளிவாக வரும். அதாவது எம்எஸ்ஒய் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள, பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது இடறலை மேட்டூரிலேயே பார்க்கலாம். ஒரு சித்திரை மாதம் பண்ணவாடிப் பக்கம் போயிருந்தேன். தண்ணீர் வெகுவாக இறங்கி, வழக்கமாக மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே நின்றது. கரையில் ஒரு பெரியவர் தங்கூசி வலையைப் பிரித்து மீனை எடுத்துக்கொண்டிருந்தார். வலையில் கண்ணுக்குக் கண் ஜிலேபி மாட்டியிருந்தது, நடுவே இரண்டு ரோகு. நல்ல வரத்துதானே ஐயா என்றேன். "மீனு பெருகலைங்க தம்பி, தண்ணி சுருங்கிருச்சு. ஒதுங்க எடமில்லாம இங்க வந்து நிக்குது" என்றார்.

அந்த மாதக் கணக்கில் பரிசலுக்குக் கிலோ உயர்ந்திருக்கும். அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் இருப்பு கூடியிருக்கிறது என்று வரும். மீன் ஒரே இடத்தில் கூடிக்கொண்டிருக்கும்வரை, மொத்த இருப்பு பாதியானாலும் ஒரு பரிசலின் வரத்து குறையாமல் நிற்கும். கடலில் கூட்டமாகத் திரியும் மத்தி, நெத்திலி போன்ற மீன்களிலும் இதே ஏமாற்றம் உண்டு.

"டன் கணக்கை விட்டுவிட்டு, இருப்பதில் இத்தனை பங்கு என்று எடுத்தால்?"

அது கட்டாயம் மேல். நம் ஏரியில் ஆண்டுக்கு நாலில் ஒரு பங்கு என்று வைத்தால், இருப்பு 140க்கு இறங்கிய ஆண்டில் பிடிப்பது 35 டன் ஆகிவிடும், உபரி 45.5, இருப்பு ஏறத் தொடங்கும். குறைந்தால் பிடிப்பும் தானாகக் குறைவதால் சரிவு நிற்கிறது.

நடைமுறையில் பங்கைக் கட்டுப்படுத்துவது என்றால் பரிசல் எண்ணிக்கையையும் நாட்களையும் கட்டுப்படுத்துவதுதான். பருத்தி வலை போய் நைலான் வந்தது, அப்புறம் தங்கூசி வந்தது. அதே பரிசல், அதே நாள், ஆனால் பிடிபடும் பங்கு கூடிவிட்டது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்காவிட்டால் 25 சதவீதம் என்று எழுதிவைத்தது 35 ஆகியிருக்கும்.

"இது காகிதக் கணக்கா, உண்மையில் எங்காவது நடந்திருக்கிறதா?"

பெரு நாட்டின் நெத்திலி. ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய ஒற்றை இன மீன்பிடிப்பு அது, பெரும்பகுதி மீன்தூளாக அரைத்து ஏற்றுமதியானது. அறிஞர்கள் உபரி உற்பத்தி மாதிரியை வைத்தே அதன் எம்எஸ்ஒய் ஏறத்தாழ 95 லட்சம் டன் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1970ல் பிடித்தது 1 கோடியே 20 லட்சம் டன்னைச் சுற்றி. படகுகளும் அரைக்கும் ஆலைகளும் தேவைக்கு மேல் பெருகிவிட்டதால் குறைக்கச் சொன்னால் கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

1972ல் எல் நினோ வந்து கடல் வெதுவெதுப்பானது. குளிர்ந்த நீர் தேடி நெத்திலி கரையோரமாக ஒடுங்கியது. தொடக்கத்தில் படகுகளுக்கு அமோக வேட்டை, பண்ணவாடிப் பெரியவர் சொன்ன அதே காரணத்தால். ஆனால் புதிதாகச் சேர வேண்டிய இளம் மீன் அந்த ஆண்டு மிகக் குறைவு. 1973ல் பிடிப்பு 20 லட்சம் டன்னைச் சுற்றி விழுந்தது. பழைய அளவை நெருங்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல் நினோதான் காரணம் என்றும், அதிகப் பிடிப்புதான் காரணம் என்றும் இரண்டு கட்சி உண்டு. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் எண்ணம். அந்தக் கடலில் எல் நினோ அதற்கு முன்பும் பலமுறை வந்து போனதுதான், இருப்பு நிறைவாக இருந்தபோது மீன் அதைத் தாங்கியது.

"அப்படியானால் இதை ஏன் இன்னும் சட்டங்களில் வைத்திருக்கிறார்கள்?"

1977லேயே லார்கின் என்ற கனடா அறிஞர் இந்தக் கருத்துக்கு ஒரு கல்லறை வாசகமே எழுதினார். ஆனாலும் 1982ன் ஐ.நா. கடல் சட்ட உடன்பாட்டில் எம்எஸ்ஒய் இலக்காக இடம்பெற்றது. 1995ன் ஐ.நா. மீன் இருப்பு உடன்பாடு அதைக் கொஞ்சம் திருத்தியது. எம்எஸ்ஒய் தரும் மீன்பிடி வேகத்தை, தாண்டக் கூடாத எல்லைக்கான குறைந்தபட்ச அளவுகோலாகக் கொள்ளச் சொன்னது. போய்ச் சேர வேண்டிய இடம் என்பது, அருகில் போகக் கூடாத வரப்பு என்று மாறியது. எண் அதேதான், பயன்படுத்தும் விதம் வேறு.

"மேட்டூர் அணைக்கு இந்தக் கணக்கைப் போடலாமா?"

அப்படியே போட முடியாது. மூன்று காரணம் சொல்கிறேன், முதலாவதுதான் பெரியது.

மாதிரியில் K மாறாத எண். மேட்டூரில் அது நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். 120 அடி நிரம்பிய அணையும் கோடையில் வடிந்த அணையும் மீனுக்கு ஒரே வீடு ஆகாது. நம் கற்பனை ஏரியில் K 400லிருந்து 300க்கு இறங்கினால் எம்எஸ்ஒய் 50லிருந்து 37.5 ஆகிவிடும். நல்ல மழை ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்ட 50 டன், வறண்ட ஆண்டில் தாங்க முடியாத பிடிப்பு. பாதுகாப்பாக 40 என்று வைத்தோமே, அதுவும் தாங்காது.

அடுத்து, கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து அணையில் விடுகிறார்கள். அந்த மீனின் வரத்து எத்தனை குஞ்சு விட்டார்கள், எத்தனை பிழைத்தன என்பதைப் பொறுத்தது. தாய் மீன் இருப்பிலிருந்து உபரி வருகிறது என்ற அடிப்படையே அங்கே பொருந்தாது. ஜிலேபி, கெளுத்தி போல அணையிலேயே பெருகும் மீனுக்குத்தான் இந்தச் சூத்திரத்தைப் பற்றிப் பேசவே முடியும். மூன்றாவதாக, எல்லா மீனையும் ஒரே எடையாகக் கூட்டினால், மெதுவாகப் பெருகும் வாளை குறைந்து அந்த இடத்தில் ஜிலேபி ஏறினாலும் மொத்தம் மாறாமல் தெரியும்.

குத்தகை எடுப்பவர்களும் மீனவர் சங்கத்துப் பிள்ளைகளும் என்ன எழுதி வைக்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். தேதி, எத்தனை பரிசல், எத்தனை வலை, வலைக்கண் அளவு, இனம் வாரியாக எடை, ஒவ்வொரு இனத்திலும் பத்து மீனின் நீளம். இத்தனையும் எழுதினாலும் அன்றைய நீர்மட்டத்தை விட்டுவிடாதீர்கள். மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது, குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு எண் பக்கத்தில் இருந்தால்தான், சித்திரையில் பரிசல் நிறைய வந்த மீன் பெருகியதா, ஒதுங்கியதா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியும்.